போனஸ் வந்திருக்கிறது, கடனை முடித்துக்கொள்கிறேன்: முன்முடிப்புக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யக் கோரிக்கை

தனிநபர் கடன் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். 4417 என்று முடியும் என் தனிநபர் கடன் கணக்கை இந்த மாதம் 28ஆம் தேதிக்குள் முழுசாக அடைத்து முடித்துவிட நினைக்கிறேன். பணம் கையில் தயாராக இருக்கிறது. அதற்கு நீங்கள் போடும் 4 சதவீத முன்முடிப்புக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து தரும்படி கேட்கத்தான் இந்தக் கடிதம். உங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணில் இரண்டு முறை பேசினேன், இரண்டு பேரும் நன்றாகத்தான் பேசினார்கள், ஆனால் தள்ளுபடி தங்கள் கையில் இல்லை, மேலாளருக்கு எழுதுங்கள் என்று சொன்னதால் நேராக உங்களுக்கே எழுதுகிறேன்.

ஒப்பந்தத்தில் இந்தக் கட்டணம் இருப்பது எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். இருந்தது, படித்தேன், கையெழுத்தும் போட்டேன். அம்மாவின் அறுவை சிகிச்சைக்கு முன்பணம் கட்டச் சொல்லி மருத்துவமனையில் காத்துக்கொண்டிருந்த நேரம் அது, மூன்று வருடம் கழித்து வரப்போகிற 4 சதவீதத்தைப் பற்றி யோசிக்கிற மனநிலை யாருக்கு இருக்கும்? அன்றைக்கு இரண்டே நாளில் கடன் கொடுத்தீர்கள், அந்த நன்றி இன்னும் இருக்கிறது. அதனால் இதைச் சண்டையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கடன் 5,00,000, நிலையான வட்டி 13 சதவீதம், 60 மாதம், மாதத் தவணை 11,377. இந்த மாதம் 5ஆம் தேதியோடு 34 தவணை கட்டியாகிவிட்டது. நான் போட்ட கணக்கில் மீதி அசல் சுமார் 2,56,580 வருகிறது (சில ரூபாய் முன்னே பின்னே இருந்தால் உங்கள் கணக்கே சரி). அதில் 4 சதவீதம் என்றால் 10,263. கிட்டத்தட்ட இன்னொரு தவணை.

இதுவரை நான் கட்டியதில் வட்டியாக மட்டும் உங்களுக்கு ஏறக்குறைய 1,43,400 வந்திருக்கிறது. 60 மாதமும் கட்டினால் மொத்த வட்டி சுமார் 1,82,600. அதாவது மொத்த வட்டியில் 78 சதவீதத்துக்கு மேல் ஏற்கெனவே உங்கள் கையில் சேர்ந்துவிட்டது, ஏனென்றால் குறையும் அசலுக்கு வட்டி போடும் கடனில் முதல் தவணைகளில்தான் வட்டி அதிகம், போகப் போக அசல்தான் அதிகமாகக் கழியும். இனி வர வேண்டிய வட்டி சுமார் 39,200தான், அதுவும் 26 மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. கடன் கொடுத்த செலவு திரும்பி வருவதற்கு முன்பே ஒருவர் ஓடிவிடக் கூடாது என்பதற்காக இந்தக் கட்டணம் வைக்கிறீர்கள், அது எனக்குப் புரிகிறது, ஆறாவது மாதத்தில் வந்து முடிக்கிறவரிடம் வாங்குவதில் நியாயமும் உண்டு. 34 தவணை கட்டியவரிடமும் அதே 4 சதவீதமா?

இன்னொன்று. வேறு இடத்தில் வட்டி குறைவாகக் கிடைக்கிறது என்று அங்கே கடன் வாங்கி உங்கள் கடனை அடைக்கவில்லை. இது என் சொந்தப் பணம். அலுவலகத்தில் இரண்டு வருடமாக நிறுத்தி வைத்திருந்த போனஸைச் சேர்த்து இந்த மாதச் சம்பளத்தோடு போட்டிருக்கிறார்கள், வரி போக 2,90,000 கைக்கு வந்தது. போனஸைத் தனியாகக் காட்டியிருக்கும் சம்பளச் சீட்டையும், அந்தத் தொகை வரவான வங்கிக் கணக்குப் பட்டியலையும் இணைத்திருக்கிறேன். கட்டணத்தையும் சேர்த்துக் கட்டினாலும் பணம் போதும், அதை மறைக்கவில்லை. ஆனால் கடனை அடைத்த பிறகு கையிருப்பு என்று சொல்ல எனக்கு மிஞ்சுவது அந்த முப்பதாயிரத்துச் சொச்சம்தான், அம்மாவுக்கு இன்னும் மாதாமாதம் மருந்து வாங்க வேண்டியிருக்கிறது, அதிலிருந்து பத்தாயிரம் போவது எனக்குப் பெரிய விஷயம்.

34 தவணையில் ஒன்றுகூட திரும்பவில்லை, ஒரு நாள்கூட தாமதமில்லை, உங்கள் கணினியில் பார்த்தாலே தெரியும். சம்பளம் தள்ளிப்போன ஒரு மாதத்தில் ஆட்டோ டெபிட் திரும்பிவிடக் கூடாதே என்று முந்தின நாள் ராத்திரி தோழியிடம் கைமாற்று வாங்கிக் கணக்கில் போட்டிருக்கிறேன். அது உங்கள் கணினியில் தெரியாது, அதனால் சொல்கிறேன்.

அப்புறம் ஒப்பந்தத்திலேயே உள்ள ஒரு விஷயம். 12 தவணை முடிந்த பிறகு வருடத்துக்கு ஒரு முறை மீதி அசலில் 25 சதவீதம் வரை கட்டணம் இல்லாமல் கட்டலாம் என்று இருக்கிறது. அந்தச் சலுகையை நான் ஒரு தடவைகூட பயன்படுத்தியதில்லை. இப்போது அதன்படி முதலில் 64,145 கட்டிவிட்டு, பிறகு மீதியை முடித்தால் கட்டணம் 7,697 ஆகக் குறைந்துவிடும், அப்படிச் செய்யக் கூடாது என்று கட்டணப் பட்டியலில் எங்கேயும் இல்லை. ஆனால் அப்படி இரண்டு முறை கட்டி, இரண்டு ரசீது வாங்கி, நடுவில் உங்கள் ஆட்கள் தவணை அட்டவணையை மாற்றி, யாருக்கு என்ன லாபம்? ஒரே தடவையில் முடித்துக்கொள்ளலாம் என்றுதான் கேட்கிறேன்.

முழுத் தள்ளுபடிதான் என் கோரிக்கை. அது உங்கள் அதிகாரத்துக்கு மேல் என்றால் யாரிடம் போக வேண்டுமோ அவருக்கு இந்தக் கடிதத்தை அனுப்பிவையுங்கள். முழுசாக முடியவே முடியாது என்ற முடிவுக்கு வந்தால் 1 சதவீதத்துக்குச் சம்மதிக்கிறேன், அதற்கு மேல் என்றால் மேலே சொன்ன 25 சதவீத வழியிலேயே போய்விடுவேன்.

தள்ளுபடி கொடுத்தால் ஒன்றை மட்டும் தயவுசெய்து கவனியுங்கள். இது அசலிலோ வட்டியிலோ குறைத்துக்கொண்ட சமரசத் தீர்வு இல்லை, அசலும் அன்றைய தேதி வரை வட்டியும் பைசா பாக்கியில்லாமல் கட்டுகிறேன். அதனால் கடன் வரலாற்றுப் பதிவில் ‘முழுமையாக அடைக்கப்பட்டது’ என்றுதான் போக வேண்டும், ‘செட்டில்’ என்று போகக் கூடாது. அப்படி ஒரு வார்த்தை தப்பாகப் போய், அடுத்த கடன் கேட்கும்போது மறுக்கப்பட்டவரை எனக்குத் தெரியும். மிச்சமான பத்தாயிரத்தை விட அது எனக்கு முக்கியம்.

22ஆம் தேதிக்குள் பதிலை எழுத்தில் அனுப்புங்கள், போனில் சொன்னால் போதாது. பதிலோடு 28ஆம் தேதியிட்ட முன்முடிப்புக் கணக்கு அறிக்கையும் வேண்டும், அதில் அசல், அன்று வரையிலான வட்டி, கட்டணம் மூன்றும் தனித்தனியாக இருக்கட்டும். ஒரு நாளைக்கு சுமார் 91 வீதம் வட்டி ஏறுகிறது, அடுத்த மாதம் 5ஆம் தேதி தவணை வேறு பிடித்துவிடுவீர்கள், பிடித்த பிறகு அதைத் திரும்ப வாங்க அலைவது தனி வேலை. கடன் முடிந்ததும் ஆட்டோ டெபிட்டை நிறுத்தி, நிலுவையில்லாச் சான்றிதழும், நான் கையெழுத்திட்டுக் கொடுத்த மூன்று காசோலைகளும் திரும்ப வேண்டும்.

மதியம் 1 முதல் 2 மணி வரையும், மாலை 6 மணிக்குப் பிறகும் போனில் கிடைப்பேன், என் எண் உங்கள் பதிவில் இருக்கிறது.

இப்படிக்கு,
செ. மாலதி

இணைப்பு: போனஸ் வந்த மாதச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்குப் பட்டியல், ஒப்பந்தத்தில் 25 சதவீத விதி உள்ள பக்கத்தின் நகல்