'கடைசி எண்ணெய்' கேம்: ஸ்ப்ரைட் வரையறவங்களுக்கான ப்ராம்ப்ட்கள்

கதை ரெண்டு வரிதான். புயல் ராத்திரி, கலங்கரை விளக்கத்துக்குள்ள கடல்தண்ணி ஏறிட்டே வருது, காவல்காரம்மா கீழ இருந்து எண்ணெய் டப்பாவ ஒவ்வொண்ணா பொறுக்கிக்கிட்டு உச்சிக்குப் போய் விளக்கு ஏத்தணும். மொத்த கேமும் பிகோ-8ல ஓடும், அதனால ஸ்க்ரீன் 128x128, அவ்ளோதான் இடம். மூணு பேர் மூணு மூலையில உக்காந்து வரையப்போறோம், கடைசியில எல்லாம் ஒரே கை வரைஞ்ச மாதிரி இருக்கணும், அதுக்காகத்தான் இவ்ளோ விலாவாரியா எழுதறேன். முதல்ல பொது விஷயத்த படிச்சுட்டு அப்புறம் உங்க ப்ராம்ப்ட்டுக்கு போங்க.

பேலட்

பிகோ-8ல 16 கலர் இருக்கு, நாம எடுக்கறது எட்டே எட்டு:

```
0   #000000
1   #1D2B53
6   #C2C3C7
7   #FFF1E8
8   #FF004D
9   #FFA300
10  #FFEC27
13  #83769C
```

1ம் நம்பர் கருநீலம் பேக்ரவுண்டுக்கு மட்டும், எந்த கேரக்டர் மேலயும் அது வரக்கூடாது. 13 சுவர், ஏணி, கல்லு. 6ம் 7ம் உயிருள்ளதுக்கு. இந்த கேமோட உயிரே அடுத்த ரெண்டு ரூல்லதான் இருக்கு: மஞ்சள் (10) இருந்தா அது ப்ளேயருக்கு உதவும், சிவப்பு (8) இருந்தா அது அடிக்கும். வேற எந்த காரணத்துக்காகவும், அழகா இருக்குன்னு கூட, இந்த ரெண்டு கலரையும் தொடாதீங்க. ஆரஞ்சு (9) தனியா நிக்காது, மஞ்சளோட நிழலா மட்டும் வரும்.

ஒரு ஸ்ப்ரைட்டுல அதிகபட்சம் மூணு கலர், ப்ளஸ் ட்ரான்ஸ்பரன்ட். NES மாதிரி பழைய 8-பிட் மெஷின்ல ஸ்ப்ரைட்டுக்கு இதே கணக்குதான், அதுல வந்த கேரக்டர்லாம் இன்னிக்கும் பாத்த உடனே அடையாளம் தெரியுது, அதனால மூணு கம்மின்னு நினைக்காதீங்க.

கருப்பு அவுட்லைன் வேண்டாம். நம்ம பேக்ரவுண்ட் கருநீலம், அது மேல கருப்பு கோடு போட்டா கண்ணுக்கே தெரியாது, ஒரு பிக்சல் இடம் வீணாப்போறதுதான் மிச்சம், 8x8ல சுத்தி ஒரு பிக்சல் போச்சுன்னா உள்ள 6x6தான் நிக்கும். கேரக்டர்ல கருப்பு கண்ணு, வாய், துளை இதுக்கு மட்டும். இன்னொண்ணு, பிகோ-8ல சும்மா விட்டா 0ம் நம்பர்தான் ட்ரான்ஸ்பரன்ட், நமக்கு கருப்பு வேணும்ங்கறதால கோட்ல மாத்தி வச்சிருக்கேன்:

```lua
palt(0, false)
palt(14, true)
```

ஆக, காலியா விட வேண்டிய இடத்த எல்லாம் 14ம் நம்பர் பிங்க்ல நிரப்புங்க.

எல்லாரும் வலது பக்கம் பாத்து நிக்கட்டும், இடது பக்கத்துக்கு கோட்ல ஃப்ளிப் பண்ணிக்கறேன். டிதரிங், ஆன்டி-அலியாஸிங், க்ரேடியன்ட் எதுவும் இந்த சைஸ்ல வேண்டாம், தூசி மாதிரிதான் தெரியும்.

ப்ராம்ப்ட் 1: காவல்காரம்மா, 8 அகலம், 16 உயரம்

வயசான அம்மா, தலையில இருந்து முட்டி வரைக்கும் ஒரே மழைக்கோட்டு, ஹூட் போட்டிருக்காங்க. ஹூட்டோட நுனி கூர்மையா பின்பக்கமா ஒரு பிக்சல் சாஞ்சிருக்கணும், அந்த ஒரு பிக்சல்தான் எந்தப் பக்கம் பாக்கறாங்கன்னு சொல்லப்போகுது. தலை 7 பிக்சல், உடம்பு 6, காலு 3. நெஜ மனுஷ அளவுக்கு இது தப்பான கணக்குதான், ஆனா இந்த சைஸ்ல தலை பெருசா இருந்தாத்தான் ஆள் தெரியும். கோட்டு 6, மடிப்பும் பூட்ஸும் 7, ஹூட்டுக்குள்ள முகம் மொத்தமும் 0. கண்ணு ஒண்ணே ஒண்ணு, 7ம் நம்பர்ல ஒரே பிக்சல். முடி, மூக்கு, வாய் எதுவும் கிடையாது. 1981ல டாங்கி காங்ல மாரியோவுக்கு தொப்பியும் மீசையும் வந்ததே முடியும் வாயும் வரைய பிக்சல் பத்தாததாலதான், நமக்கு அந்த வேலைய ஹூட் செய்யுது.

வலது கை ஒரு பிக்சல் கனத்துல, உடம்ப விட்டு ரெண்டு பிக்சல் வெளிய நீட்டியிருக்கணும். கைக்கும் கோட்டுக்கும் நடுவுல கட்டாயம் ஒரு பிக்சல் சந்து வேணும். அந்த சந்து அடைஞ்சுட்டா ஆள் வெறும் மூட்டையா தெரிவாங்க.

ஃப்ரேம்: நிக்கறது 2 (ரெண்டாவதுல தலையும் தோளும் மட்டும் ஒரு பிக்சல் கீழ இறங்கும், காலு அசையாது), நடக்கறது 2, ஏணி ஏறறது 1 (முதுகு தெரியணும், ஃப்ளிப் பண்ணியே ஏறறது வந்துடும்), அடிபடறது 1. அடிபடும்போது ஹூட் நுனி மேல நட்டுக்கணும், கை ரெண்டும் விரிஞ்சு ஸ்ப்ரைட்டோட முழு 8 பிக்சல் அகலத்தையும் பிடிக்கணும். உருவமே மாறணும், கலர மட்டும் மாத்துனா ஓட்டத்துல யாரும் கவனிக்க மாட்டாங்க.

ப்ராம்ப்ட் 2: கைவிளக்கு, 8x8 ஸ்ப்ரைட்டுக்குள்ள 4x5 அளவு

காவல்காரம்மாவோட சேத்து வரையாதீங்க, தனி ஸ்ப்ரைட். எண்ணெய் குறையக் குறைய விளக்கு மட்டும் மாறணும், அதோட கோட்டுக்கே மூணு கலர் போயிடுச்சு, மஞ்சளுக்கு அங்க இடமில்ல. மூணு நிலை: நிறைய எரியும்போது நடுவுல 7, சுத்தி 10, அடியில 9. பாதியில 7 போயிடும், 10 ரெண்டு பிக்சல் மட்டும். அணைஞ்சா முழுசும் 13, ஆனா உருவம் அப்படியே இருக்கணும். மேல பிடி ஒரு பிக்சல் வளைவா, உள்ள ஓட்டையோட.

ப்ராம்ப்ட் 3: நண்டு, 8x8

இத நானே மாதிரிக்கு போட்டு வச்சிருக்கேன், இதுல இருந்து ஆரம்பிங்க:

```
##....##
#......#
##....##
.######.
.#.##.#.
.######.
#.####.#
#.#..#.#
```

முழுக்க 8ம் நம்பர், ஒரே கலர், 36 பிக்சல். கண்ணு ரெண்டும் தனி கலர் கிடையாது, ஓட்டைதான், பின்னால இருக்கற நீலம் தெரியறதே கண்ணா ஆயிடும். கொடுக்கு ரெண்டும் உள்பக்கமா திறந்திருக்கு பாருங்க, அந்த திறப்ப அடைச்சா கொடுக்கு காதா மாறிடும், நண்டு பூனையாயிடும். நடக்கற ரெண்டாவது ஃப்ரேம்ல கடைசி ரெண்டு வரிசைய மட்டும் மாத்துங்க. கொத்தறதுக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை ஃப்ரேம் வேணும்: உடம்பு ஒரு பிக்சல் இறங்கி, கொடுக்கு வாய் மூடி நிக்கட்டும். ப்ளேயர் தப்பிக்கறதே இந்த ஃப்ரேம பாத்துதான், இதுக்கு கொஞ்சம் அதிக நேரம் குடுங்க.

ப்ராம்ப்ட் 4: கடல்புறா, 16 அகலம், 8 உயரம்

நண்டுக்கு நேர் எதிரான உருவம்: மெல்லிசு, நீளம், ரெண்டு பக்கமும் கூர்மை. பறக்கறதுக்கு ரெண்டே ஃப்ரேம், றெக்கை மேல போய் V மாதிரி ஒண்ணு, கீழ மடிஞ்சு அத தலைகீழா கவுத்த மாதிரி ஒண்ணு, நடுவுல வேற வேண்டாம், வெடுக்குன்னு மாறறதுதான் நல்லா இருக்கும். உடம்பு 7, றெக்கையோட அடி 6, அலகு மட்டும் 8ல ரெண்டு பிக்சல். பாயும்போது மூணாவது ஃப்ரேம்: றெக்கை உடம்போட ஒட்டி, அலகு முன்ன நீட்டி, மொத்தமும் ஒரு அம்பு.

ப்ராம்ப்ட் 5: எண்ணெய் டப்பா, 8x8

வெறும் செவ்வகமா வரைஞ்சா பெட்டியா டப்பாவான்னு தெரியாது. வலது மேல் மூலைய நோக்கி சாய்வா மூக்கு, இடது பக்கம் ஓட்டையோட பிடி, இது ரெண்டும் இருந்தா போதும். உடம்பு 10, அடியில ஒரு வரிசை 9. லேபிள், சொட்டு, மினுமினுப்பு எதுவும் வேண்டாம்.

ப்ராம்ப்ட் 6: கயிறு, சாவி, ரெண்டும் 8x8

கயித்துச் சுருள வட்டமா போட்டா அது காசு, சக்கரம், வளையம் எல்லாமேதான். ஒரு முனை கீழ மூணு பிக்சல் தொங்கட்டும். சாவிய குறுக்கா சாய்க்காதீங்க, நேரா நிக்க வைங்க, தலை மேல, பல்லு ரெண்டும் வலது பக்கம். ரெண்டுமே 10, நிழல் 9.

ப்ராம்ப்ட் 7: மணி, 16x16

இதுதான் செக்பாயிண்ட். கீழ விரிஞ்ச பாவாடை வடிவம், நாக்கு கீழ ரெண்டு பிக்சல் தெரியணும். அடிக்காதப்போ 13, அடிச்சதும் 10. நேரா ஒண்ணு, வலது பக்கம் சாஞ்சது ஒண்ணு, இடது ஃப்ளிப்ல வந்துடும். சாய்க்கறதுக்கு ரொட்டேட் டூல் போடாதீங்க, ஓரமெல்லாம் பிஞ்சு போகும், ஒவ்வொரு வரிசையா கையால நகத்துங்க.

ப்ராம்ப்ட் 8: ஏறி வர்ற தண்ணி, 8x8 டைல், 4 ஃப்ரேம்

தண்ணி ஆளக் கொல்லும், ஆனா சிவப்பு போட முடியாது, போட்டா எரிமலைக் குழம்பாயிடும். அதனால இங்க மட்டும் அசைவுதான் எச்சரிக்கை. மேல் விளிம்பு 7ல ஒரு பிக்சல் அலைக்கோடு, அதுக்கு கீழ 13ல விட்டு விட்டு கோடு, மிச்சம் எல்லாம் 0. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ரெண்டு பிக்சல் வலது பக்கம் நகரணும், நாலு ஃப்ரேம்ல எட்டு பிக்சல் முடிஞ்சு லூப் சரியா சேரும். பக்கத்துல பக்கத்துல நாலு டைல் வச்சு ஓட்டிப் பாத்துட்டு அனுப்புங்க, தையல் தெரியக்கூடாது.

அனுப்பறதுக்கு முன்னாடி

ஸ்ப்ரைட்ட காப்பி எடுத்து, ட்ரான்ஸ்பரன்ட் பிங்க்க விட்டுட்டு மத்த எல்லா கலரையும் 13 ஆக்கி, கருநீலம் மேல வைங்க, ஜூம் பண்ணாம 100%ல பாருங்க. ப்ராஜெக்ட் பத்தி எதுவும் தெரியாத ஒருத்தர்கிட்ட காட்டி என்னன்னு கேளுங்க. "நண்டு"ன்னு சொன்னா முடிஞ்சுது, "ஏதோ பூச்சி"ன்னா உருவத்த மாத்துங்க, உள்ள கலர் சேத்து சரி பண்ண பாக்காதீங்க. எல்லாரும் தனித்தனியா நல்லா இருந்து ஒண்ணா நிக்கும்போது குழம்பறதும் நடக்கும், அதனால காவல்காரம்மா, நண்டு, கடல்புறா மூணும் முதல்ல வரட்டும், ஒரே ஸ்க்ரீன்ல வச்சு பாத்துட்டுத்தான் மத்தத தொடங்கணும்.

ஃபைல் PNG, ஒரிஜினல் சைஸ்லயே, பெருசாக்கி அனுப்ப வேண்டாம். பேரு `keeper_walk_1.png`, `crab_warn_1.png` இந்த மாதிரி, ஃப்ரேம் நம்பர் 1ல இருந்து. ஷீட்டுல எந்த இடத்துல எது வரும்ங்கறத நான் பாத்துக்கறேன், மேல் பாதிக்குள்ளயே எல்லாத்தையும் அடைக்கணும், ஏன்னா கீழ் பாதி மேப்போட பங்கு, அதனால கேக்காத ஃப்ரேம் எதுவும் எக்ஸ்ட்ரா போடாதீங்க.