வலது கண் ஆபரேஷன்: சரி சொல்வதற்கு முன்னால்

அம்மா, வணக்கம்.

நத்தம் கண் முகாமில் உங்களைப் பார்த்த டாக்டர் எழுதுகிறேன். வரும் வியாழக்கிழமை உங்கள் வலது கண்ணில் புரை ஆபரேஷன் செய்யலாம் என்று சொல்லியிருந்தேன். அன்றைக்குக் கூட்டம். நின்று பேச முடியவில்லை. "எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும், பேத்தி எட்டாவது படிக்கிறாள், அவள் வாசிப்பாள்" என்றீர்கள். அதனால் அவள் வாசித்துக் காட்டுகிற மாதிரியே எழுதியிருக்கிறேன்.

பாப்பா, மெதுவாகப் படி. "நிறுத்து" என்று வரும் இடத்தில் நிறுத்து. அப்பத்தாவிடம் அங்கே உள்ள கேள்வியைக் கேள். அவர் தன் சொந்த வார்த்தையில் பதில் சொல்லட்டும். பதில் வரவில்லை என்றால் நான் சரியாக எழுதவில்லை என்று அர்த்தம். அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு வை. வியாழக்கிழமை நானே விளக்குகிறேன்.

கைநாட்டு எதற்கு?

ஆஸ்பத்திரியில் கையெழுத்துக் கேட்டாலே நம் ஊரில் பயந்துவிடுகிறோம். "உயிருக்கு ஆபத்தோ, அதனால்தான் எழுதி வாங்குகிறார்களோ" என்று நினைக்கிறோம். அப்படி இல்லை அம்மா. எல்லா ஆபரேஷனுக்கும், சின்னதோ பெரியதோ, சம்மதம் வாங்கித்தான் செய்ய வேண்டும். அது உங்கள் உடம்பு. உங்களைக் கேட்காமல் நான் தொடக் கூடாது.

இன்னொன்று. கைநாட்டு வைத்துவிட்டால் அப்புறம் எங்களை எதுவும் கேட்க முடியாது என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. நான் கவனக்குறைவாக இருந்தால் நீங்கள் கேள்வி கேட்கலாம், புகார் கொடுக்கலாம். கைநாட்டு அதைத் தடுக்காது.

முகாமில் உங்கள் மகன், "நீங்க பாத்துச் செய்யுங்க டாக்டர், அம்மாவுக்கு என்ன தெரியும்" என்றார். அக்கறையில்தான் சொன்னார். ஆனால் கண் உங்களுடையது. மகன் சரி என்று சொன்னால் மட்டும் போதாது. நீங்கள் சரி சொல்ல வேண்டும். அவர் சாட்சியாக உங்கள் பக்கத்தில் நிற்கட்டும்.

உங்கள் கண்ணில் என்ன இருக்கிறது?

அரிக்கேன் விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் புகை படிந்தால் வெளிச்சம் மங்கும். கண்ணுக்குள்ளும் கண்ணாடி மாதிரி ஒன்று இருக்கிறது. அதற்கு லென்ஸ் என்று பெயர். வயது ஆக ஆக அது வெள்ளையாகிவிடும். அதைத்தான் புரை என்கிறோம். சுகர் இருப்பவர்களுக்குச் சீக்கிரம் வரும். கண்ணின் மேலே சதை வளரவில்லை. உள்ளே இருப்பதுதான் மங்கிவிட்டது.

இதைக் கரைக்கச் சொட்டு மருந்து கிடையாது, மாத்திரை கிடையாது. யாராவது கொடுத்தால் பணம்தான் போகும். பச்சிலைச் சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விட வேண்டாம். கண்ணில் சீழ் பிடித்துவிடும்.

நிறுத்து. "அப்பத்தா, உங்கள் கண்ணில் எது மங்கியிருக்கிறது?"

என்ன செய்வோம்?

காலையில் இட்லியோ இடியாப்பமோ சாப்பிட்டுவிட்டு, சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் எப்போதும் போலப் போட்டுக்கொண்டு வாருங்கள். முந்தின நாளே தலைக்குக் குளித்துவிடுங்கள். மூக்குத்தி, தோடு, பொட்டு வேண்டாம். ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள், எங்களிடம் சொல்லுங்கள்.

வலது புருவத்துக்கு மேலே பேனாவால் ஒரு குறி போடுவோம். "எந்தக் கண் அம்மா?" என்று நாலைந்து பேர் கேட்பார்கள். "இத்தனை தடவையா" என்று சலித்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு தடவையும் கையைத் தூக்கிக் காட்டுங்கள். கண் மாறிப் போகக் கூடாது என்பதற்குத்தான் கேட்கிறோம்.

அப்புறம் கண்ணுக்குப் பக்கத்தில் மரத்துப் போக ஊசி போடுவோம். ஊசி குத்தும்போது வலிக்கும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சுருக்கென்று இருக்கும், அழுத்துகிற மாதிரி இருக்கும், சில நொடியில் அடங்கிவிடும். அதற்குப் பிறகு வலி தெரியாது. தெரிந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள், இன்னும் கொஞ்சம் மருந்து கொடுப்போம்.

நீங்கள் தூங்க மாட்டீர்கள். நாங்கள் பேசுவது கேட்கும். முகத்தைத் துணியால் மூடி, கண்ணை மட்டும் வெளியே விடுவோம். மூச்சுவிட இடம் இருக்கும். தலையை ஆட்டக் கூடாது, கையைக் கண்ணுக்குக் கொண்டுபோகக் கூடாது. இருமல் வந்தால், "இருமல் வருது" என்று முதலில் சொல்லுங்கள். நான் கையை எடுத்துவிடுவேன், அப்புறம் இருமுங்கள்.

ஒரு அரிசி நீளத்துக்குக் கீறி, மங்கின லென்ஸை எடுத்துவிட்டு, புது லென்ஸ் வைப்போம். பெரும்பாலும் தையல் வேண்டியிருக்காது. பதினைந்து இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். கண்ணைக் கட்டிவிடுவோம். மறுநாள் காலை அவிழ்ப்போம். ஆபரேஷனுக்கும் லென்ஸுக்கும் சொட்டு மருந்துக்கும் நீங்கள் காசு கொடுக்க வேண்டாம். யாராவது கேட்டால் என்னிடம் சொல்லுங்கள்.

"பிளாஸ்டிக்கைக் கண்ணுக்குள்ள வச்சா அழுகிடாதா?" என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. உலகப் போரில் விமானம் ஓட்டியவர்கள் சிலருக்கு, விமானத்தின் மூடி உடைந்து, பிளாஸ்டிக் துண்டுகள் கண்ணுக்குள் போயின. கண் அதை வெளியே தள்ளாமல் பேசாமல் இருந்ததை இங்கிலாந்தில் ஹெரால்டு ரிட்லி என்ற கண் டாக்டர் கவனித்தார். 1949இல் லண்டனில் ஒருவர் கண்ணுக்குள் பிளாஸ்டிக் லென்ஸ் வைத்தார். அதிலிருந்து வந்ததுதான் இது. ஒரு தடவை வைத்தால் வாழ்நாள் முழுக்க இருக்கும். கழற்றிக் கழுவ வேண்டியதில்லை.

என்ன கெடுதல் வரலாம்?

இந்தப் பகுதியைத் தாண்டிவிடாதே பாப்பா. அப்பத்தாவுக்குப் பயம் வந்தாலும் முழுக்கப் படி. நல்லதை மட்டும் சொல்லிச் சம்மதம் வாங்குவது சம்மதமே இல்லை.

ஆபரேஷன் செய்துகொள்கிறவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பார்வை நன்றாகத் தெளிகிறது. சிலருக்கு ஏமாற்றம் வருகிறது. கண் சிவப்பது, உறுத்துவது, நீர் வடிவது, கருவிழி கொஞ்சம் வீங்கி ஒரு வாரம் மங்கலாகத் தெரிவது, இதெல்லாம் அடிக்கடி நடக்கும், ஆறிவிடும்.

லென்ஸ் ஒரு மெல்லிய பைக்குள் உட்கார்ந்திருக்கிறது, வெங்காயத் தோல் மாதிரி. 100 பேரில் ஒருவர் இருவருக்கு அந்தப் பை கிழிந்துவிடும். அப்படியானால் லென்ஸை வேறு விதமாக வைக்க வேண்டும். சில சமயம் அன்றைக்கு லென்ஸ் வைக்காமல் விட்டு, இன்னொரு ஆபரேஷன் செய்ய வேண்டி வரும். மேஜையில் படுத்திருக்கும்போது உங்களிடம் விரிவாகக் கேட்க முடியாது. அதனால் அப்படிச் செய்யச் சம்மதமா என்று இப்போதே கேட்கிறேன்.

கண்ணுக்குள் கிருமி போய்ச் சீழ் பிடிப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. 1000 பேரில் ஒருவருக்கோ அதைவிடக் குறைவாகவோ வரும். வந்தால் உடனே கண்ணுக்குள் மருந்து ஊசி போட வேண்டும். தாமதமானால் அந்தக் கண்ணின் பார்வை முழுக்கப் போய்விடலாம். உள்ளே ரத்தக் கசிவு, பின்னால் இருக்கும் நரம்புத் திரை விலகுவது, இவையும் அரிதாக நடக்கும். உயிருக்கு ஆபத்து வருவது மிக மிக அரிது. சுகரையும் பிரஷரையும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே எடுப்போம். கூடுதலாக இருந்தால் தேதியைத் தள்ளிவைப்போம். கோபப்படாதீர்கள்.

உங்களுக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சுகர் இருக்கிறது. விளக்கில் கண்ணாடியை மாற்றினாலும் திரி கருகியிருந்தால் வெளிச்சம் வராது இல்லையா? கண்ணின் திரி, பின்னால் இருக்கும் நரம்பு. உங்கள் புரை முற்றியிருப்பதால் அந்த நரம்பை என்னால் தெளிவாகப் பார்க்க முடியவில்லை. கண்ணை ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் திரை விலகவில்லை. ஆனால் சுகரால் நரம்பு எவ்வளவு கெட்டிருக்கிறது என்பது புரையை எடுத்த பிறகுதான் தெரியும். கெட்டிருந்தால், நடமாடப் பார்வை வந்தாலும் ஊசியில் நூல் கோர்க்கிற அளவுக்கு வராமல் போகலாம். இதை முன்னாலேயே சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

நிறுத்து. "அப்பத்தா, என்னென்ன கெடுதல் வரலாம் என்று டாக்டர் சொன்னார்? உங்களுக்கு முழுப் பார்வை வரும் என்று சொன்னாரா?"

வேண்டாம் என்றால்?

வேண்டாம் என்று சொல்லலாம். யாரும் திட்ட மாட்டோம். சுகர் மாத்திரையோ மற்ற வைத்தியமோ நிற்காது. கொஞ்ச நாள் யோசிக்கிறேன் என்றும் சொல்லலாம். ஆனால் ரொம்ப நாள் விட்டால் புரை இன்னும் முற்றி, கண்ணில் அழுத்தம் ஏறி, வலி வரும். அப்போது செய்தாலும் பார்வை திரும்பாமல் போகலாம். கண்ணாடி போட்டுச் சமாளிக்கும் கட்டத்தை உங்கள் வலது கண் தாண்டிவிட்டது. என்னைக் கேட்டால் செய்துகொள்வது நல்லது. முடிவு உங்களுடையது. கைநாட்டு வைத்த பிறகும், மேஜையில் படுத்த பிறகும்கூட, ஆரம்பிக்கும் முன் மனம் மாறினால் சொல்லலாம்.

இந்தச் சம்மதம் வலது கண்ணுக்கு மட்டும். இடது கண்ணுக்குப் பிறகு தனியாகக் கேட்போம். ஆபரேஷனை நானே செய்வேன். படிக்கிற டாக்டர்கள் பக்கத்தில் நின்று பார்ப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் சொல்லுங்கள், வெளியே அனுப்பிவிடுகிறேன்.

வீட்டுக்குப் போன பிறகு

சொட்டு மருந்து ஆறு வாரம். முதல் வாரம் ஒரு நாளைக்கு ஆறு தடவை, அப்புறம் குறைத்துக்கொண்டே வரலாம். எந்த வாரம் எத்தனை என்று சிஸ்டர் சூரியன், நிலா படம் போட்டுத் தருவார். கை கழுவிவிட்டு மருந்தை விடு பாப்பா. இரண்டு வாரம் தலைக்கு ஊற்ற வேண்டாம், விறகு அடுப்புப் பக்கம் வேண்டாம், கண்ணைக் கசக்க வேண்டாம். ஒரு மாதம் குடம் தூக்க வேண்டாம், காட்டு வேலை வேண்டாம். பத்தியம் எதுவும் இல்லை. மீன், கத்தரிக்காய், தக்காளி எல்லாம் சாப்பிடலாம். இனிப்பு மட்டும் ஆகாது, அது சுகருக்காக.

வலி கூடினாலோ, சிவப்பு கூடினாலோ, தெரிந்த பார்வை திடீரென்று மங்கினாலோ, சீழ் வந்தாலோ அன்றைக்கே வாருங்கள். ராத்திரியானாலும் வாருங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

நிறுத்து. "அப்பத்தா, எது நடந்தால் ராத்திரியே கிளம்ப வேண்டும்?"

வியாழக்கிழமை சிஸ்டர் கீழே இருப்பதை உங்களுக்கு வாசிப்பார். உங்கள் மனதில் இருப்பதும் அதுவும் ஒன்றாக இருந்தால் மட்டும் கைநாட்டு வையுங்கள்.

*என் வலது கண்ணில் புரை இருக்கிறது. அதை எடுத்துவிட்டு லென்ஸ் வைப்பார்கள். என்ன நல்லது, என்ன கெடுதல் என்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்கள். என் சுகரால் முழுப் பார்வை வராமல் போகலாம் என்பது தெரியும். பை கிழிந்தால் லென்ஸை வேறு விதமாக வைக்கவோ, பிறகு வைக்கவோ சரி சொல்கிறேன். நான் கேள்வி கேட்டேன், பதில் கிடைத்தது. வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு உரிமை உண்டு என்பது தெரியும். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. வலது கண்ணில் ஆபரேஷன் செய்துகொள்ள எனக்குச் சம்மதம்.*