முப்பதாம் தேதி விடுப்பு

“சார், வணக்கம். இந்த நேரத்தில் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும். மதியம் பள்ளியிலிருந்து வந்ததுமே என் மகள் தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்றாள். வாயுத் தொல்லை என்று நினைத்துவிட்டோம். சாயங்காலம் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். எட்டு மணிக்குமேல் வலி வலப்பக்கம் அடிவயிற்றுக்கு இறங்கி…”

முருகேசனின் கட்டைவிரல் அங்கே நின்றது. திரையில் மணி 12.20. சார்ஜ் பதினொரு சதவீதம்.

குடல்வால் அழற்சி பெரும்பாலும் அப்படித்தான் போகும். நடுவயிற்றில் தொடங்கி வலப்பக்கம் இறங்கும். ஸ்கேனில் குடல்வால் வீங்கியிருந்தது, ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் கூடியிருந்தன. காலை ஏழு மணிக்கு ஆபரேஷன். அதுவரை வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது, டிரிப்ஸ் மட்டும். வயிற்றில் உணவு இருந்தால் மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடலாம். இதையெல்லாம் டாக்டர் அவனிடம் நிதானமாகச் சொல்லியிருந்தார். அவனுக்கோ எல்லாவற்றையும் யாரிடமாவது உடனே சொல்லியாக வேண்டும் போலிருந்தது. எதிரே இருந்தது மேலாளரின் எண் மட்டும்தான்.

முழுவதையும் அழித்தான். “சார், நாளை விடுப்பு வேண்டும். மகளுக்கு உடம்பு சரியில்லை” என்று எழுதினான். படித்துப் பார்த்தால் சளி, காய்ச்சலுக்கு எழுதியது போலிருந்தது. ‘ஆபரேஷன்’ என்று சேர்த்தான். சேர்த்ததும் பயமாக இருந்தது. மறுபடி எடுத்தான்.

வார்டுக் கதவு திறந்தது. செல்வி வெளியே வந்தாள். உள்ளே ஒருவர்தான் துணைக்கு இருக்கலாம் என்பதால் ஒன்பது மணியிலிருந்து அவள்தான் இருந்தாள்.

“தூங்கிட்டாளா?”

“இப்பத்தான் கண்ணசந்தா. தண்ணி தண்ணின்னு ஒரே அழுகை. பஞ்ச நனைச்சு உதட்ட மட்டும் துடைச்சு விடலாம்னு சிஸ்டர் சொன்னாங்க. என்ன எழுதிட்டு இருக்கீங்க?”

போனை நீட்டினான். அவள் ஒரே மூச்சில் படித்தாள்.

“என்னங்க, நாளைன்னா எந்த நாளை? மணி பன்னெண்டரை ஆகப் போகுது. காலையில எந்திரிச்சுப் பார்க்குறவரு வெள்ளிக்கிழமைன்னு நினைச்சுக்குவாரு. நீங்க பாட்டுக்கு வியாழக்கிழமை சொல்லாம நின்னுட்டீங்கன்னு ஆயிடும்.”

அவன் ‘நாளை’யை அழித்து ‘வியாழன், 30’ என்று போட்டான். தேதியைத் தட்டிய பிறகுதான் வயிற்றில் இன்னொரு கல் விழுந்தது. முப்பது. சம்பளம்.

வங்கித் தளத்தில் சம்பளக் கோப்பைப் பதினொரு மணிக்குள் ஏற்றினால்தான் அன்றே கணக்குகளில் பணம் சேரும். ஏற்றுபவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் இன்னொருவர். ஒரே ஆள் இரண்டையும் செய்ய முடியாது. மாதாமாதம் ஏற்றுவது முருகேசன், ஒப்புதல் மேலாளர். அவன் லாகினைத் திறந்தால் ஓடிபி இந்தப் போனுக்குத்தான் வரும். ஏழு மணிக்கு ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பவனிடம், சார்ஜ் தீர்ந்துபோகும் போனில் ஓடிபி கேட்டால் எதுவும் நடக்காது. நடந்தாலும், ஓடிபியை இன்னொருவரிடம் சொல்வது கூடாத வேலை.

“கலா மேடத்துக்குத் தனி லாகின் இருக்குல்ல?” என்றாள் செல்வி. இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அவன் சொல்லும் அலுவலகக் கதையெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

“இருக்கு. ஆனா கோப்பு இன்னும் முடியல. ரெண்டு பேரு வங்கி மாத்தியிருக்காங்க. பழைய கணக்கு நம்பர்தான் அதுல கெடக்கு. காலையில போயி மாத்தலாம்னு விட்டேன்.”

அப்படியே ஏற்றினால், மூடிய கணக்கிலிருந்து பணம் திரும்பி வரும். சரிசெய்து மறுபடி ஏற்றுவதற்குள் வார இறுதி வந்துவிடலாம். அந்த இருவருக்கும் சம்பளம் தள்ளிப்போகும். அவர்கள் கொடுத்த படிவங்கள் மேசை டிராயரில் இருந்தன. சாவி அவன் சட்டைப் பையில். கையால் தொட்டுப் பார்த்தான், இருந்தது.

சற்று யோசித்து மின்னஞ்சலைத் திறந்தான். மனிதவளப் பிரிவு அந்தப் படிவங்களை ஸ்கேன் செய்து செவ்வாயன்றே அனுப்பியிருந்தது. அதைக் கலாவுக்கு அனுப்பி, மேலே ஒரே வரி எழுதினான்: “மேடம், ஊழியர் எண் 214, 377 இருவரின் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சியும் கோப்பில் மாற்ற வேண்டும், மாற்றியபின் மொத்தத் தொகை மாறக் கூடாது.” எண்ணை மாற்றும்போது பக்கத்துக் கட்டத்துத் தொகையில் கை பட்டுவிடுவது உண்டு. மொத்தம் அதே இருந்தால் தொகைகள் கலையவில்லை.

சார்ஜ் எட்டு சதவீதம்.

“எத்தன நாள்னு போடப் போறீங்க?”

அதுதான் அவனுக்குத் தெரியவில்லை. குடல்வால் வெடிக்காமல் இருந்தால் ஒன்றிரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம், வெடித்திருந்தால் ஊசிமருந்து போட்டுப் பல நாள் இருக்க வேண்டும், திறந்து பார்த்த பிறகுதான் சொல்ல முடியும் என்றிருந்தார் டாக்டர். ஒரு நாள் என்று கேட்டுவிட்டு, தினமும் காலையில் இன்னொரு நாள் கேட்பதை நினைக்கவே கூசியது. ஒரு வாரம் என்று கேட்டால், குடல்வால் வெடித்துவிட்டது என்று அவனே ஒப்புக்கொள்வது போலிருந்தது.

“ரெண்டு நாள் போடுங்க. மிச்சத்த எப்ப சொல்லுவீங்கன்னு ஒரு நேரம் போடுங்க. அவருக்கு அதுதான வேணும்.”

செல்வி உள்ளே போய்விட்டாள். அவன் புதிதாகத் தொடங்கினான். மன்னிப்பு ஒன்றும் வைக்கவில்லை. நோயின் பெயரை எழுதி, எடுத்து, கடைசியில் விட்டுவிட்டான். ஆபரேஷன் என்ற சொல்லை வைத்துக்கொண்டான், ஏழு மணிக்குமேல் ஏன் போன் எடுக்கவில்லை என்பதற்கு அது தேவைப்பட்டது. கையில் ஊசி குத்தியிருக்கும் மகளின் படத்தை இணைக்கப் பார்த்தவன், அது யார் யார் போனுக்குப் போகும் என்று எண்ணி விலக்கினான். அலுவலகக் குழுவில் போடாமல், மேலாளருக்குத் தனியாக, கலாவுக்கும் மனிதவளப் பிரிவுக்கும் மின்னஞ்சலில் நகல்.

“சார், வணக்கம். என் மகளை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். வியாழன் (30) காலை 7 மணிக்கு அவளுக்கு ஆபரேஷன். வியாழன், வெள்ளி (30, 31) இரண்டு நாளும் எனக்கு விடுப்பு வேண்டும். அதற்குமேல் தேவையா என்பதை வெள்ளி மாலை 4 மணிக்குள் சொல்கிறேன்.

சம்பளக் கோப்பு: பகிர்வுக் கோப்புறையில் ‘சம்பளம்’ என்பதற்குள் இருக்கிறது. ஊழியர் எண் 214, 377 இருவரின் வங்கி விவரம் மட்டும் மாற்ற வேண்டும். படிவங்களைக் கலா மேடத்துக்கு இப்போது அனுப்பிவிட்டேன். அவர் தன் லாகினில் ஏற்றட்டும், நீங்கள் ஒப்புதல் தாருங்கள். என் லாகின் வேண்டாம், ஓடிபி என் போனுக்கு வரும். 11 மணிக்குள் ஏற்ற வேண்டும்.

காலை 7 முதல் 9 வரை போன் எடுக்க முடியாது. அவசரம் என்றால் குறுஞ்செய்தி அனுப்புங்கள், வெளியே வந்ததும் பார்க்கிறேன். மருத்துவமனைச் சான்றை வந்ததும் தருகிறேன். – முருகேசன்”

இரண்டாம் முறை படித்து, ‘31’ வெள்ளிதானா என்று நாள்காட்டியில் சரிபார்த்து அனுப்பினான். ஒற்றை டிக் விழுந்தது. ஆறு சதவீதம்.

நர்ஸ் மேசையில் சார்ஜர் கேட்டான். சிஸ்டர் சார்ஜரோடு சம்மதப் படிவத்தையும் எடுத்து வைத்தார்.

“சார், மூணு இடத்துல கையெழுத்து. குழந்தைக்கு ஏதாவது மருந்து ஒத்துக்காதுன்னு இருந்தா இங்க எழுதுங்க. கடைசியா எத்தன மணிக்குச் சாப்பிட்டா?”

“மதியம் ஒன்றரைக்கு. அப்புறம் ஏழு மணிக்கு ரெண்டு வாய் தண்ணி.”

“அதையும் எழுதிடுங்க.”