நான்கு பேர், ஒரு சிகரெட்

தலைமையாசிரியர் அவர்களுக்கும், உடன் பணியாற்றும் ஆசிரியர்களுக்கும், காலை வெயிலில் நிற்கும் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கும் வணக்கம்.

உலகப் புகையிலை எதிர்ப்பு நாள் மே 31. அன்று நீங்கள் கோடை விடுமுறையில் இருப்பீர்கள் என்பதால், இந்தப் பேச்சு பள்ளிக்கூடத்துக்குள் வந்து சேர்வதே இல்லை. இன்று எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள்.

புற்றுநோய்ப் படங்களை வைத்து உங்களைப் பயமுறுத்தப் போவதில்லை. அவை பெட்டியின் மேலேயே இருக்கின்றன, தியேட்டரிலும் பார்க்கிறீர்கள். பதினைந்து வயதுக்காரனுக்கு அதெல்லாம் பெரியவர்களின் கவலையாகத்தான் தெரியும். நான் பேச வந்தது, பெட்டிக்கடையில் சில்லறையாக ஒன்று வாங்கி, சந்துக்குள் நின்று நான்கு பேர் மாற்றி மாற்றி இழுக்கும் அந்த முதல் சிகரெட்டைப் பற்றி.

முதல் இழுப்பு பெரும்பாலும் இனிப்பதில்லை. இருமல் வரும், தலை சுற்றும், சிலருக்கு வாந்தி வரும். உடன் இருப்பவர்கள் சிரிப்பார்கள். ‘சே, இவ்வளவுதானா, இது என்னிடம் ஒட்டாது’ என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவீர்கள். ஏமாறுகிற இடம் இதுதான். அந்தத் தலைசுற்றலும் குமட்டலும் நிகோட்டின் என்கிற நஞ்சுக்கு உடல் காட்டும் எதிர்ப்பு. அந்த எதிர்ப்பு வெகுநாள் தாங்காது. இரண்டாவது, மூன்றாவது முறைகளில் குமட்டல் குறையும். மூளை மட்டும் நிகோட்டினை நினைவில் வைத்துக்கொள்ளும்.

பதினொன்றாம் வகுப்பு உயிரியல் மாணவர்கள் கவனியுங்கள். இழுத்த புகையில் உள்ள நிகோட்டின் இருபது நொடிக்குள் மூளைக்குப் போய்விடுகிறது. அங்கே அசிட்டைல்கோலின் என்கிற நரம்புச் செய்தி வேதிப்பொருளுக்காக இருக்கும் ஏற்பிகளில் அது போய் உட்கார்ந்துகொள்கிறது, ‘இன்னும் வேண்டும்’ என்று தூண்டும் டோபமைன் சுரக்கிறது. தொடர்ந்து வந்தால் மூளை அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையையே கூட்டிக்கொள்கிறது. நிகோட்டின் வராத நேரத்தில் எரிச்சல், படபடப்பு, பாடத்தில் மனம் ஒட்டாமை. ‘டென்ஷனைக் குறைக்கத்தான் புகைக்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால், அந்த டென்ஷனில் பாதியை உண்டாக்கியதே முந்தைய சிகரெட்தான். மனித மூளை இருபத்தைந்து வயது வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் உங்கள் வயதில் இந்தப் பழக்கம் வேகமாகப் பிடிக்கிறது. சில பிள்ளைகளுக்கு, தினமும் புகைக்கத் தொடங்கும் முன்பே ஏக்கம் வந்துவிடுவதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

ஒரு கணக்கும் சொல்கிறேன். 2018இல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் எடுத்த கருத்துக்கணிப்புகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஒரு முறை புகைத்துப் பார்த்தவர்களில் ஏறத்தாழ 69 சதவீதம் பேர், சில காலத்துக்காவது, தினமும் புகைப்பவர்களாக ஆகியிருந்தார்கள். அது நம் நாட்டுக் கணக்கு அல்ல. மக்கள் நினைவிலிருந்து சொன்ன பதில் என்பதால் கொஞ்சம் கூடக்குறையவும் இருக்கலாம். பாதியாகவே வைத்துக்கொள்ளுங்களேன். அந்தச் சந்தில் நின்ற நால்வரில் இருவர். எந்த இருவர் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

நண்பர்கள் விஷயத்துக்கு வருகிறேன். தனியாகப் போய் முதல் சிகரெட்டை வாங்குபவன் குறைவு. யாரோ ஒருவன் வாங்கித் தருகிறான். இன்று அவன் செலவு என்றால் நாளை உன் முறை. நம் ஊரில் டீ வாங்கிக் கொடுத்தவனுக்குத் திருப்பி வாங்கிக் கொடுக்காமல் இருந்தால் நமக்கே ஒரு மாதிரி இருக்கும் அல்லவா? அந்த நல்ல குணம்தான் இங்கே வினையாகிறது. மறுநாள் சிகரெட் உனக்குப் பிடித்திருக்க வேண்டியதில்லை. கூட்டத்தில் உன் இடம் போய்விடக் கூடாது, அவ்வளவுதான். இரண்டாவது சிகரெட்டை நீ முடிவு செய்வதில்லை, கூட்டம் முடிவு செய்கிறது.

அதனால் மறுப்பதற்கு நீண்ட விளக்கம் வேண்டாம். விளக்கினால் வாக்குவாதம் வரும். ‘எனக்கு வேண்டாம்டா, நீ வா, டீ குடிக்கலாம்’ போதும். அதற்காக நட்பை முறித்துக்கொள்பவன் இருந்தால், அவனைப் பற்றி இப்போதே தெரிந்துகொண்டது நல்லதுதான்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்குச் சிகரெட் விற்பதையும், பள்ளியிலிருந்து நூறு கஜத்துக்குள் விற்பதையும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இ-சிகரெட் விற்பனைக்கே 2019 முதல் நாடு முழுவதும் தடை. நம் தெருமுனைக் கடைக்காரரிடம் பேசும் வேலை எங்களுடையது, உங்களுடையது அல்ல.

ஏற்கெனவே புகைத்துப் பார்த்தவர்களும் இந்த வரிசைகளில் இருப்பீர்கள். உங்களைப் பிடித்துக் கொடுப்பதற்காக நான் பேசவில்லை. மதிய உணவு இடைவேளையில் உயிரியல் ஆய்வகத்தில் இருப்பேன். வந்து பேசலாம், முதல் முறை என்பதற்காக யார் வீட்டுக்கும் கடிதம் போகாது. என்னிடம் சொல்லத் தயங்கினால் 1800-112-356 என்ற தேசிய இலவசத் தொலைபேசி எண் இருக்கிறது. விட நினைப்பவர்களுக்கு அங்கே வழி சொல்வார்கள். எண் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்பட்டிருக்கிறது.

நன்றி. பன்னிரண்டாம் வகுப்பு முதலில் செல்லட்டும்.