காலணிக் கடை: வாடிக்கையாளர் விமர்சனங்களின் தொகுப்பு

அக்கா, நீங்கள் அனுப்பிய இரண்டு வருட விமர்சனங்கள் 430ஐயும் படித்துவிட்டேன். ஒரே ஆள் இரண்டு தடவை போட்டவை, நட்சத்திரம் மட்டும் கொடுத்து எதுவும் எழுதாதவை எல்லாம் போக 312 மிஞ்சின. ஒரே விமர்சனத்தில் இரண்டு விஷயம் இருந்தால் இரண்டையும் எண்ணியிருக்கிறேன். பொதுவாக ரொம்பப் பிடித்தவர்களும் ரொம்பக் கோபப்பட்டவர்களும்தான் உட்கார்ந்து எழுதுவார்கள். அதனால் கீழே இருக்கும் எண்களை உங்கள் மொத்த வாடிக்கையாளர்களின் கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சராசரி 4.1 நட்சத்திரம். அதை வைத்து ஒன்றும் தெரியாது. ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களே "ஆனால்" போட்டு எழுதிய வரிகளில்தான் விஷயம் இருக்கிறது. காலணிகள் மக்களுக்குப் பிடித்திருக்கின்றன. அளவு மாற்ற வரும்போது நடப்பதுதான் பிடிக்கவில்லை.

அவசரம்: உதிரும் அடிப்பாகம் (9)

எண்ணிக்கை குறைவுதான், ஆனாலும் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒன்பதும் கடந்த நான்கு மாதத்தில் வந்தவை. ஏழு பேர் தள்ளுபடியில் வாங்கியதாகச் சொல்கிறார்கள். "இரண்டாம் நாளே அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்ந்தது" என்கிறார் ஒருவர். பசை விட்டுப்போனால் அடிப்பாகம் முழுசாகக் கழன்று வரும், இப்படிப் பொடியாகாது. பாலியூரிதேன் அடிப்பாகம் காற்றின் ஈரத்தால், போடாமல் பெட்டியில் வைத்திருந்தாலே நாளடைவில் இற்றுப்போகும். பழைய இருப்பைத் தள்ளுபடியில் விற்றதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மீதிப் பெட்டிகளைத் திறந்து அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், கொஞ்சம் வளைத்தும் பாருங்கள். விரிசல் விட்டாலோ பிசுபிசுத்தாலோ விற்க வேண்டாம். அந்த ஒன்பது பேருக்கும் கேட்காமலே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மாற்றித் தருவது (87)

குறைகளில் அதிகம் பேர் சொன்னது இதுதான். "பில் போதும் என்றார்கள், மறுநாள் போனால் பெட்டியும் வேண்டும் என்றார்கள்." "வீட்டுக்குள் போட்டுப் பார்த்ததுதான். அடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு முடியாது என்றார்." இப்படியே போகிறது. கவனித்துப் படித்தால், மாற்ற முடியாது என்று வாங்கும்போதே சொல்லப்பட்டவர்கள் பெரிதாகக் கோபப்படவில்லை. ஆளுக்கு ஒரு பதில் கிடைத்தவர்கள்தான் ஒற்றை நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். எத்தனை நாள், பெட்டி வேண்டுமா, தள்ளுபடிப் பொருளுக்கு உண்டா என்ற மூன்றையும் நீங்கள் முடிவு செய்து, பில்லிலும் கல்லாவுக்குப் பக்கத்திலும் எழுதிப் போடுங்கள். விதி கறாராக இருந்தாலும் பரவாயில்லை, எல்லோரும் ஒரே பதில் சொன்னால் போதும்.

மாற்ற வருபவர்களின் எண்ணிக்கையையே குறைக்கவும் வழி இருக்கிறது. "கடையில் சரியாக இருந்தது, சாயங்காலம் இறுக்குகிறது" என்று பலர் எழுதியிருக்கிறார்கள். நாள் முழுக்க நின்று நடந்தால் பாதம் கொஞ்சம் வீங்கும். இரண்டு பாதமும் எல்லோருக்கும் ஒரே அளவாக இருப்பதும் இல்லை. ஒற்றைக் காலில் போட்டுப் பார்த்துவிட்டு பில் போட விடாமல், இரண்டையும் போட்டு நாலு எட்டு நடக்கச் சொல்ல வேண்டும். அப்புறம் எண் குழப்பம்: ஆண்கள் காலணியில் பிரிட்டிஷ் 8ஆம் எண் அமெரிக்க அளவில் ஏறக்குறைய 9. எந்த அளவு முறை என்பதைப் பெட்டியில் பார்த்துச் சொல்லும்படி ஊழியர்களிடம் சொல்லுங்கள்.

மற்றவை

வார இறுதி மாலைகளில் காத்திருப்பு (41). பில் போடுபவரே உள்ளே போய்ப் பெட்டியும் எடுத்து வருகிறார் என்பதுதான் பெரும்பாலான புகார். அந்த நேரத்தில் கல்லாவில் இருப்பவர் அங்கேயே இருக்கட்டும்.

இணைய வரைபடத்தில் இருக்கும் திறப்பு நேரம் தப்பு (22). வந்து பூட்டியிருப்பதைப் பார்த்துத் திரும்பியிருக்கிறார்கள். இன்றைக்கே திருத்திவிடலாம்.

விலையைப் பற்றி 19 பேர் அதிகம் என்றும் 15 பேர் நியாயம் என்றும் எழுதியிருக்கிறார்கள். இதை வைத்து விலையை மாற்ற வேண்டாம். வண்டி நிறுத்த இடமில்லை என்ற குறை முதல் வருடத்தோடு நின்றுவிட்டது.

கைவைக்கக் கூடாதது (64)

வயதானவர்களிடமும் குழந்தைகளிடமும் உங்கள் ஊழியர்கள் காட்டும் பொறுமை. "அம்மாவுக்கு முட்டிவலி, குனிய முடியாது. அவரே கீழே உட்கார்ந்து மாட்டிவிட்டார்" என்று எழுதிய பெண் அதற்கப்புறம் மூன்று முறை வந்திருக்கிறார். இதைப் படிக்கும்போது எனக்கே சந்தோஷமாக இருந்தது. பில் வரிசையைக் குறைக்க ஆள் வேண்டுமென்று இவர்களைக் கல்லாவுக்கு மாற்றிவிடாதீர்கள். மாலை நேரத்துக்கு மட்டும் வேறு ஒருவரைப் போடுங்கள்.

பழைய பெட்டிகளை இந்த வாரமே பாருங்கள். மாற்று விதியை மாதம் முடிவதற்குள் எழுதிப் போட்டால், அதிலிருந்து மூன்று மாதம் வரும் விமர்சனங்களை இதே தலைப்புகளில் பிரித்துத் தருகிறேன். அதுவரை மாற்ற வருபவர்களின் எண்ணிக்கையையும் காரணத்தையும் கல்லாவில் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.