அம்மைத் தழும்பு

ராத்திரி ஒன்றே முக்கால் இருக்கும். அன்றைக்கு பிரசவ கேஸ் எதுவும் இல்லை. உடன்குடிப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நைட் டியூட்டிக்கு நான் ஒருத்தி, ஆயாம்மா ஒருத்தி. கண் அசரும் நேரத்தில் வாசலில் டிவிஎஸ் எக்ஸெல் சத்தம்.

பேரன் வண்டியை நிறுத்துவதற்குள் பெரியவர் தானே இறங்கி நடந்து வந்தார். கெண்டைக்காலில் சுற்றியிருந்த வேட்டிக் கிழிசல் நனைந்து கறுத்திருந்தது. கருப்பட்டி காய்க்கிற குடிசையில் சரிந்து கிடந்த துருப்பிடித்த தகரம் கிழித்துவிட்டதாம். சீட்டில் எழுதினேன்: பொன்னையா, வயது 74, பனைத் தொழில்.

காயத்தைக் கழுவும்போது முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. ஆழமில்லை, தையலும் தேவைப்படவில்லை. டாக்டருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "டிடி ஊசி போட்டுருங்க சிஸ்டர்" என்றார். அந்தச் சத்தம் போனுக்கு வெளியேயும் கேட்டிருக்க வேண்டும்.

"ஊசியா?" பெரியவர் எழுந்துவிட்டார். "வேண்டாம் தாயி. மருந்து வச்சிக் கட்டியாச்சில்ல, நாங்க போறோம்."

"தாத்தா, துரு ஏறுன தகரம். போடாம விட முடியாது."

"இவரு ஊசியே போட்டதில்ல சிஸ்டர்," என்றான் பேரன். "கொரோனா ஊசிக்கு ஊருக்குள்ள கேம்ப் போட்டப்பகூட மரத்துல ஏறிட்டாரு. சாயங்காலம் வரைக்கும் இறங்கல."

"ஏல, சும்மா இரில."

எழுபத்து நாலு வயதுவரை ஊசியே போடாத ஆளா? நம்பிக்கை இல்லாமல்தான் சட்டைக்கையை ஏற்றிவிட்டேன். அந்த வயதுக்காரர்கள் புஜத்தில் அம்மை குத்திய தழும்பு ரெண்டு ரூபாய் நாணயம் போல இருக்கும். எங்கள் அப்பாவுக்கு இரண்டு உண்டு. இவர் கை வழவழவென்று கிடந்தது.

"அம்மை குத்தலையா தாத்தா?"

சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "குத்த வந்தானுவ" என்றார். "எனக்கு அப்ப ஒம்போது வயசு இருக்கும். ஜீப்பு வந்துட்டுன்னு சொன்னதும் நான் மரத்துல ஏறிட்டேன். மேல இருந்து பாத்தேன். எங்க அண்ணன நாலு பேரு அமுக்கிப் பிடிச்சி, மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிவிட்டு, கையில வச்சித் திருகுனானுவ. ஒரு மாசம் கை அழுவிக் கிடந்தான். ராத்திரி எல்லாம் கத்துவான்."

பேரன் அப்போதுதான், நான் சொல்லாமலேயே, அவர் தோளைப் பின்னாலிருந்து பிடித்தான். வந்ததே கோபம். நாற்காலி சாய்ந்தது. ஆயாம்மா வேறு "கண்ண மூடிக்கோங்க ஐயா" என்கிறாள். நானும் பதினோரு வருஷமாக அந்தப் பக்கம் பாருங்க என்று சொல்லித்தான் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறேன்.

"கையை எடு தம்பி" என்றேன். "நீ வெளிய போய் இரு."

ஐஎல்ஆர் ஃபிரிட்ஜைத் திறந்து மருந்து எடுத்து வந்தேன். அவர் கண்ணெதிரிலேயே சிரிஞ்சைப் பிரித்து, அரை மில்லி ஏற்றி, வெளிச்சத்தில் காட்டினேன். "இவ்வளவுதான். திருகுறது கிடையாது. நீங்க பாத்துக்கிட்டே இருங்க. நிறுத்துன்னு சொன்னா நிறுத்திருவேன்."

ஊசி முனையை ரொம்ப நேரம் பார்த்தார். கையை நீட்டினார். தொட்டால் பனங்கட்டை. ஐம்பது அறுபது வருஷம் மரத்தைக் கட்டிய புஜம், அதோடு பயம். அந்த இறுக்கத்தில் குத்தினால் வலிக்கும். அவர் அண்ணன் கத்தியது சரிதான் என்று ஆகிவிடும்.

"பாளை சீவும்போதும் கைய இப்படித்தான் வச்சிருப்பீங்களா?"

"எவன் சொன்னான்?" சுருக்கென்று வந்தது பதில். "இறுக்கிப் பிடிச்சா பாளை சிதைஞ்சிரும். பாரமெல்லாம் கால்லதான் நிக்கும். கை தொங்கணும். அருவா தன்னால போவணும், வெத்தல கனத்துக்குச் சீவணும்."

"எப்படித் தொங்கும்?"

காட்டினார். கால் இரண்டையும் தளைநாரில் இருப்பதுபோல் சேர்த்து ஊன்றிக்கொண்டு, தோளை இறக்கினார். புஜம் தளர்ந்தது. துடைத்தேன். அவர் கண் ஊசியை விட்டு அகலவில்லை. உள்ளே போனபோது மூச்சை மட்டும் நிறுத்தினார், பதனிக் கலயத்தில் சொட்டு விழுவதைக் கேட்கிறவர் மாதிரி.

"எடுத்துட்டேன் தாத்தா."

"பாத்தேன்."

பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இன்னும் ரெண்டு ஊசி இருக்கிறது, ஒரு மாசத்தில் ஒன்று, அதிலிருந்து ஆறு மாசம் கழித்து இன்னொன்று என்றேன். "சித்திரையிலயா? பதனி பெருகுற நேரமாச்சே. சாயங்காலமா வாரேன்" என்றார்.

கிளம்பும்போது பஞ்சை எடுத்துவிட்டு டியூப்லைட்டுக்கு நேராகக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல தழும்பு விழுமா தாயி?"

"விழாது தாத்தா. நாளைக்குத் தேடுனாலும் கிடைக்காது."

"அப்படியா" என்றார், கொஞ்சம் ஏமாந்தவர்போல. சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.