ரேடியேட்டர் பழுது: வீட்டு உரிமையாளருக்குப் போகும் ருஷ்யக் கடிதத்தின் தமிழாக்கம்

செந்தில், அருண் இருவரும் கையெழுத்துப் போடுவதற்கு முன் படித்துக்கொள்ள:

ருஷ்ய மூலத்தில் உள்ளதுதான் கீழே வரிக்கு வரி இருக்கிறது. மூன்று இடங்களை மட்டும் கவனியுங்கள். உரிமையாளரைத் 'திருமதி' என்றோ 'ஆன்ட்டி' என்றோ அழைக்கவில்லை. ருஷ்ய முறைப்படி அவர் பெயரும் தந்தைவழிப் பெயரும் சேர்ந்தே வரும், முன்னால் 'உவஷாயெமயா', அதாவது மதிப்பிற்குரிய. 'நீங்கள்' என்பதற்கான 'வீ' எல்லா இடத்திலும் பெரிய எழுத்தில் தொடங்குகிறது. ஒருவருக்கு மரியாதையாக எழுதும்போது அப்படித்தான் எழுதுவார்கள். மூன்றாவது, 'ஹீட்டர்' என்ற சொல்லை எடுத்துவிட்டேன். காரணம் கடிதத்திலேயே இருக்கிறது.

---

வோல்கோகிராத், 22 ஜனவரி 2024

மதிப்பிற்குரிய கலீனா பெத்ரோவ்னா அவர்களுக்கு,

வணக்கம். 1 செப்டம்பர் 2023 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி, ஒன்பதாம் தளத்தில் உள்ள தங்கள் இரண்டு அறை வீட்டில் நாங்கள் குடியிருக்கிறோம். மூலையில் உள்ள பெரிய அறையின் ரேடியேட்டர் ஜனவரி 13, சனிக்கிழமை முதல் சூடாகவில்லை. அதைச் சரிசெய்யத் தங்கள் உதவியைக் கேட்டு இந்தக் கடிதத்தை எழுதுகிறோம்.

முதலில் ஒரு திருத்தம். ஜனவரி 14 அன்று நாங்கள் அனுப்பிய குறுஞ்செய்தியில் 'அபக்ரெவாத்தெல்' என்று எழுதியிருந்தோம். அது அறையைச் சூடாக்கப் பிளக்கில் மாட்டும் மின் கருவியைக் குறிக்கும் சொல் என்பது பிறகுதான் தெரிந்தது. அதனால்தான், அப்படி ஒரு பொருளை வீட்டோடு தரவில்லையே என்று தாங்கள் பதில் எழுதினீர்கள். தவறு எங்களுடையது, மன்னிக்கவும். நாங்கள் சொல்ல நினைத்தது 'பதரேயா', அதாவது ஜன்னலுக்குக் கீழே பொது வெந்நீர்க் குழாயுடன் இணைந்திருக்கும் பத்துப் பிரிவு பைமெட்டல் ரேடியேட்டர். ஒப்பந்தத்தோடு சேர்ந்த பொருள் பட்டியலில் அது நான்காவதாக உள்ளது.

சமையலறையிலும் சின்ன அறையிலும் ரேடியேட்டர்கள் நன்றாகச் சூடாகின்றன. பெரிய அறையிலும், தரையிலிருந்து கூரை வரை செல்லும் நிலைக்குழாய் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாக இருக்கிறது. ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள பைபாஸ் குழாயும் அப்படியே. மேல் வால்வு வரை வரும் சூடு அதைத் தாண்டிப் போகவில்லை. பத்துப் பிரிவுகளும் மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி குளிர்ந்து கிடக்கின்றன.

கடைசி மாடி என்பதால் காற்று அடைத்திருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். ஜனவரி 14 அன்று கீழே பாத்திரம் வைத்து, காற்றை வெளியேற்றும் மாயெவ்ஸ்கி வால்வைச் சாவியால் அரைச் சுற்றுத் திறந்து பார்த்தோம். காற்று இருந்தால் சீறும் சத்தம் வர வேண்டும், வரவில்லை. நாலைந்து கரண்டி கறுப்புத் தண்ணீர் வந்து, பிறகு நூல் போலக் கசிந்து நின்றுவிட்டது. மேல் பந்து வால்வின் கைப்பிடி கால் சுற்றில் நிற்க வேண்டும். இப்போது அது தடையே இல்லாமல் முழுச் சுற்றுச் சுற்றுகிறது, கைப்பிடியோடு உள்ளே இருக்கும் பந்து திரும்பவில்லை. கீழ் வால்வின் இணைப்பு நட்டைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாக உப்புப் படிந்திருக்கிறது. அங்கிருந்து ஒரு நாளைக்குச் சுமார் ஒரு தம்ளர் தண்ணீர் சொட்டுகிறது, அடியில் கிண்ணம் வைத்திருக்கிறோம். அந்த நட்டை நாங்கள் இறுக்கவில்லை. அது உடைந்தால் எட்டாம் தளத்து வீட்டில்தான் வெந்நீர் கொட்டும்.

அறையின் நடுவில், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் டிஜிட்டல் வெப்பமானி வைத்து, அறையைச் சூடாக்கும் மின் கருவியை அணைத்த நிலையில் அளந்தோம். ஜனவரி 14 காலை 7 மணிக்கு 14.1 டிகிரி, அன்று இரவு 10 மணிக்கு 14.8. ஜனவரி 17 காலை 13.6. ஜனவரி 21 காலை 13.4. அரசின் 354ஆம் எண் விதிகளின்படி நம் பகுதியில் மூலை அறைக்குக் குறைந்தது 20 டிகிரி இருக்க வேண்டும். நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை மட்டுமே அதிலிருந்து 3 டிகிரி வரை குறையலாம்.

இன்னொன்றையும் தாங்கள் அறிய வேண்டும். மூலைச் சுவரில் ஜன்னலுக்கு இடப்புறம், தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரம் வரை வால்பேப்பர் ஈரமாகிக் கறுப்புப் புள்ளிகள் தோன்றியுள்ளன. தினமும் துடைத்து, அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்திருக்கிறோம். அறை குளிர்ந்தே இருந்தால் பூஞ்சை பரவுவதை எங்களால் தடுக்க முடியாது.

ஜனவரி 15 காலை, கட்டடத்தைப் பராமரிக்கும் நிறுவனத்தின் அவசரச் சேவைக்குத் தொலைபேசியில் சொன்னோம். அன்று மாலை 4.40க்கு அவர்களின் பிளம்பர் வந்து பார்த்து ஆய்வுக் குறிப்பு எழுதிக் கொடுத்தார். நிலைக்குழாயில் ஓட்டம் சரியாக இருக்கிறது, இரண்டு வால்வுகளையும் மாற்றி ரேடியேட்டரை அலச வேண்டும் என்பது அவர் முடிவு. ரேடியேட்டருக்கு முன்னால் அடைப்பு வால்வு இருப்பதால், அதற்குப் பிந்திய பகுதி வீட்டு உரிமையாளரின் பொறுப்பு என்றும் சொன்னார். வால்வை மாற்ற நிலைக்குழாயின் தண்ணீரை வடிக்க வேண்டும். அதற்கு உரிமையாளரின் எழுத்து விண்ணப்பத்தைத்தான் நிறுவனம் ஏற்கும், குடியிருப்பவரின் விண்ணப்பம் செல்லாது.

ஆகவே, ஜனவரி 26 வெள்ளிக்கிழமைக்குள் நிலைக்குழாயை வடிக்கக் கோரி நிறுவனத்தில் விண்ணப்பம் கொடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். முக்கால் அங்குலப் பந்து வால்வு இரண்டும், கீழ் இணைப்புக்குப் புதிய நட்டும் வேண்டும். இரண்டு வால்வுகளையும் மாற்றுவதும் ரேடியேட்டரைக் கழற்றி அலசுவதும் ஒரே நாளில் நடந்தால் நல்லது. குழாயை வடிக்கும் ஒவ்வொரு முறையும் ஒன்பது தளத்து வீடுகளும் சில மணி நேரம் குளிரும், கடுங்குளிர் நாட்களில் அந்த வேலையைத் தள்ளிவைப்பார்கள். தாங்கள் நேரில் வர இயலாவிட்டால் ஒரு அங்கீகாரக் கடிதம் தந்தால் போதும். நாங்கள் வீட்டில் இருந்து கவனித்துக்கொள்கிறோம். திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 3 மணிக்குப் பிறகும், சனிக்கிழமை முழுவதும் எங்களில் ஒருவர் வீட்டில் இருப்போம்.

ஒப்பந்தத்தின் 3.2ஆம் பிரிவின்படி குழாய், வெப்பமூட்டும் அமைப்பு ஆகியவற்றின் பழுதுச் செலவு உரிமையாளருடையது. தாங்கள் விரும்பினால் வால்வுகளை நாங்களே வாங்கி, ரசீதோடு பிப்ரவரி வாடகையில் கழித்துக்கொள்கிறோம். தங்கள் எழுத்துச் சம்மதம் வராமல் எதையும் வாங்கவோ கழிக்கவோ மாட்டோம்.

தற்போது 1.5 கிலோவாட் எண்ணெய் ரேடியேட்டர் ஒன்றைப் பயன்படுத்துகிறோம். நீட்டிப்பு வயர் இல்லாமல் நேராகச் சுவர் பிளக்கில்தான் மாட்டுகிறோம். கட்டடத்தில் பழைய அலுமினிய வயரிங் இருப்பதால் துணி துவைக்கும் இயந்திரம் ஓடும்போது அதை அணைத்துவிடுகிறோம். மின் மீட்டர் ஜனவரி 13 அன்று 14215, இன்று 14341. ஒன்பது நாளில் 126 யூனிட். வழக்கமாக நாளுக்கு 5 யூனிட் என்றால் 45 ஆகும், கூடுதல் 81 யூனிட். இந்தக் கூடுதல் தொகையை எப்படிப் பகிர்ந்துகொள்ளலாம் என்பது பற்றித் தங்கள் கருத்தை அறிய விரும்புகிறோம்.

ஆய்வுக் குறிப்பின் நகல், வால்வுகளையும் சுவரையும் காட்டும் ஆறு படங்கள், மீட்டர் படங்கள் இரண்டு ஆகியவற்றை இணைத்துள்ளோம். செப்டம்பரில் சமையலறைக் குழாயைத் தாங்கள் உடனே மாற்றித் தந்ததை நன்றியோடு நினைத்துக்கொள்கிறோம். எழுத்தில் பதில் தந்தால் அகராதி வைத்துச் சரியாகப் புரிந்துகொள்வோம்.

மரியாதையுடன்,
செந்தில்
அருண்
கதிர்